நின்றுபோன சர்வரைவிடத் தாமதிக்கும் சர்வர் ஏன் ஆபத்தானது?

ஓடிக்கொண்டிருக்கும் கிளவுட் அமைப்பில் வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்கி, மற்ற பகுதிகள் தாக்குப்பிடிக்கின்றனவா என்று பார்ப்பதுதான் கேயாஸ் இன்ஜினியரிங். அதை ஒரு குழுவாக, நாள் குறித்துச் செய்தால் கேம் டே. பலரும் முதலில் முயல்வது சர்வரை நிறுத்திப் பார்ப்பதைத்தான். நெட்ஃபிளிக்ஸின் கேயாஸ் மங்கி புகழ்பெற்றதும் அதனால்தான். ஆனால் அதே நிறுவனம் 2011இல் அறிவித்த கருவிகளில் லேட்டன்சி மங்கியும் இருந்தது. அதன் வேலை தாமதத்தைப் புகுத்துவது. அதிகம் கற்றுத்தருவது இந்த இரண்டாவது வகைச் சோதனைதான்.

ஒரு புரோகிராம் நின்றுபோனால், அதை அழைப்பவருக்கு ஒரு மில்லிசெகண்டு அளவிலேயே 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற பதில் வந்துவிடும். பிழை உடனே தெரிவதால் மாற்றுவழிக்கும் உடனே போகலாம். தாமதிக்கும் சர்வரோ எதையும் மறுப்பதில்லை, காக்கவைக்கிறது. காத்திருக்கும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு த்ரெட்டை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும் கவனிக்கும் பணியிழையை, பிடித்துவைத்துக்கொள்கிறது.

ஒரு விற்பனைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் சேவை 20 சர்வர்களில் ஓடுகிறது. ஒவ்வொன்றிலும் 200 த்ரெட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு 100 பொருள்பக்கக் கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொரு கோரிக்கையும் பரிந்துரைச் சேவையை ஒருமுறை அழைக்கிறது. பதில் 50 மில்லிசெகண்டில் வரும்வரை இதற்குத் தேவை 100 × 0.05, அதாவது சராசரியாக 5 த்ரெட்டுகள்தான். பரிந்துரை வர 3 நொடி ஆனால் 300 தேவைப்படும். இருப்பதோ 200. இரண்டே நொடியில் எல்லாம் நிரம்பிவிடும். பரிந்துரையே தேவைப்படாத பணம் செலுத்தும் பக்கமும் அதோடு சேர்ந்து நிற்கும்.

'எங்களிடம் 1 நொடி டைம்அவுட் இருக்கிறது, 100 த்ரெட்டுக்கு மேல் போகாது' என்று குழு நம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கேம் டேயில் சோதிக்கவேண்டிய கருதுகோள் இதுதான். தொடங்கும் முன்பே அதை எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த முடிவு வந்தாலும் 'எதிர்பார்த்ததுதான்' என்று சொல்லிவிடத் தோன்றும். நிறுத்தும் வரம்பையும் அப்போதே குறிக்க வேண்டும்: பணம் செலுத்துவதில் பிழை தொடர்ந்து 1 நிமிடம் 1 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் நிறுத்தம். ஒருவர் பழுதைப் புகுத்த, ஒருவர் நேரத்தோடு குறிப்பெடுக்க, 'நிறுத்து' என்று சொல்லும் பொறுப்பு மூன்றாமவருக்கு. பணியில் இருக்கும் ஆன்-கால் பொறியாளருக்கு என்ன பழுது என்று சொல்லவேண்டாம். அவர் எத்தனை நிமிடத்தில் மூலத்தைப் பிடிக்கிறார் என்பதும் ஓர் அளவீடுதான்.

20 ஆர்டர் சர்வர்களில் ஒன்றில் மட்டும், பரிந்துரைச் சேவையின் முகவரிக்குப் போகும் பாக்கெட்டுகளை மட்டும் லினக்ஸிலேயே தாமதிக்கலாம்:

```
(sleep 300; tc qdisc del dev eth0 root) &
tc qdisc add dev eth0 root handle 1: prio bands 4
tc qdisc add dev eth0 parent 1:4 handle 40: netem delay 3000ms
tc filter add dev eth0 parent 1:0 protocol ip prio 1 u32 match ip dst 10.0.4.20/32 flowid 1:4
```

முதல் வரி மிக முக்கியம்: 5 நிமிடத்தில் தாமதம் தானாக நீங்கிவிடும். வடிகட்டி இல்லாமல் `netem`-ஐ நேரடியாக `root`-இல் போட்டால், பயனருக்குப் போகும் பதில், கண்காணிப்புத் தரவு, உங்கள் எஸ்எஸ்ஹெச் இணைப்பு எல்லாமே 3 நொடி பின்தங்கும். பழுதை நீக்கவே திணறவேண்டியிருக்கும்.

கருதுகோள் சொன்னது 100. வரைபடமோ 200இல் முட்டி நிற்கிறது. காரணம், அழைப்பை அனுப்பும் நூலகம் டைம்அவுட் ஆனதும் தானாகவே மீண்டும் முயல்கிறது. மொத்தம் 3 முயற்சி, ஒவ்வொன்றுக்கும் 1 நொடி, ஆகவே மீண்டும் 3 நொடி. ஏற்கெனவே திணறும் பரிந்துரைச் சேவைக்கு மூன்று மடங்கு சுமை வேறு. இந்த இயல்புநிலை அமைப்பை யாரும் தேர்ந்தெடுத்திருக்கமாட்டார்கள். குறியீட்டைப் படித்துப் பார்ப்பவர் கண்ணிலும் எளிதில் படாது.

திருத்தம் டைம்அவுட்டிலிருந்து தொடங்குகிறது. 100இல் 99 பதில்கள் 120 மில்லிசெகண்டுக்குள் வருகின்றன என்றால், 1 நொடி காத்திருக்க எந்தத் தேவையும் இல்லை. 300 மில்லிசெகண்டு, ஒரே முயற்சி, தவறினால் பரிந்துரை இல்லாமலே பக்கத்தைக் காட்டுவது. இப்போது கணக்கு 100 × 0.3, அதாவது 30 த்ரெட்டுகள். பரிந்துரை அழைப்புகளுக்கென 40 த்ரெட்டுகளைத் தனியாக ஒதுக்கிவிட்டால், கணக்கு பிசகினாலும் பணம் செலுத்தும் பக்கம் தப்பும். பிறகு அதே சோதனையை அதே 3 நொடியோடு மறுபடி ஓட்ட வேண்டும்.

ஒரு சர்வரில் மட்டும் செய்யும் சோதனை ஒன்றை மறைத்துவிடும். முதல் ஓட்டத்தில் த்ரெட்டுகள் தீர்ந்ததும், அதே த்ரெட்டுகளை நம்பியிருந்த ஹெல்த் செக்கும் பதில் தரவில்லை; லோட் பேலன்சர் அந்தச் சர்வரைக் கழற்றிவிட்டது. மற்ற 19 சர்வர்களும் சுமையைப் பகிர்ந்துகொண்டதால் பயனர்கள் அதை உணரவில்லை. பரிந்துரைச் சேவை நிஜமாகவே திணறும் நாளில் 20 சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் இதே கதி. எனவே ஹெல்த் செக்கைத் தனி த்ரெட்டுக்கு மாற்றிவிட்டு, உற்பத்திக்கு நிகரான ஒரு நகல் சூழலில், 20 சர்வர்களிலும் ஒருசேரத் தாமதத்தைப் புகுத்திப் பார்ப்பது அடுத்த கேம் டேயின் வேலை.