கூட்டுச்செயல் சிக்கல்: சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘கலெக்டிவ் ஆக்‌ஷன் ப்ராப்ளம்’ எனப்படுவதைக் ‘கூட்டு நடவடிக்கைப் பிரச்சினை’ என்று எழுதுவது பொருந்தாது. கூட்டு நடவடிக்கை என்றால் பலர் சேர்ந்து ஏற்கெனவே எடுத்துவிட்ட முயற்சி என்றே செய்தித்தாள் படிப்பவர் கொள்வார். இங்கு பேசப்படுவதோ, சேர்ந்தால் எல்லாருக்கும் பயன் உண்டு என்றிருந்தும் பலர் சேர முடியாமல் போகும் நிலை. தனித்தனியே பார்த்தால் ஒவ்வோர் இழையும் நேராகவே இருக்க, எல்லாம் சேர்ந்த இடத்தில் முடிச்சு விழுவதைச் ‘சிக்கல்’ என்ற சொல் சரியாகக் காட்டுவதால், ‘கூட்டுச்செயல் சிக்கல்’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

இக்கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் மேன்சர் ஓல்சன். பொதுவான ஒரு நலன் உள்ளவர்கள் தாமாகவே அதற்காக ஒன்றுதிரள்வார்கள் என்ற நம்பிக்கையை 1965இல் வெளிவந்த தம் நூலில் அவர் மறுத்தார்.

அமெரிக்கச் சர்க்கரைக் கொள்கை இதற்கு நல்ல சான்று. இறக்குமதிக்கு அளவு வரம்பு வைத்து உள்நாட்டு விலையை உயர்த்தி வைப்பதே அதன் சாரம். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பு, 1998இல் இதனால் சர்க்கரையைப் பயன்படுத்துவோருக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் கூடுதல் செலவானது என மதிப்பிட்டது. இதனை மக்கள்தொகையால் வகுத்தால், தலைக்கு ஆண்டுக்கு ஏழு டாலர்தான் வரும். அந்த ஏழு டாலருக்காக ஒருவர் சட்ட விவரங்களைப் படித்து, நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதி, சங்கம் அமைப்பாரா? அப்படியே அவர் உழைத்து விலை இறங்கினாலும், விரலைக்கூட அசைக்காத பக்கத்து வீட்டாருக்கும் அதே பயன் கிடைக்கும். இத்தனை பேரில் ஒருவர் விலகிக்கொண்டாலோ, யாருக்கும் தெரியாது. மறுபுறம், விவசாயிகளுக்குக் கிடைத்த பயனில் 42 விழுக்காடு ஒரு விழுக்காட்டுப் பண்ணைகளுக்கே சென்றதாக அதே அமைப்பு 1993இல் கண்டது. அத்தகைய பண்ணைக்கு இக்கொள்கையால் கிடைப்பது பெருந்தொகை. அவர்கள் சிலரே என்பதால், ஒருவர் பங்கு தராவிட்டால் மற்றவர் உடனே கண்டுகொள்வர்.

அந்தப் பக்கத்து வீட்டாரைப் போல உழைக்காமல் பயன் பெறுபவரை ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ ரைடர்’ என்பர். ‘இலவசப் பயணி’ என்னும் மொழிபெயர்ப்பு, அரசு உரிமையாக வழங்கும் கட்டணமில்லாப் பயணத்தை நினைவூட்டிக் குழப்புகிறது. ‘ஓசிப் பயணி’ பொருளால் நெருக்கமானது, ஆனால் பழிக்கும் தொனி உடையது. ஓல்சன் கூறும் மனிதர் தம் கணக்கைச் சரியாகப் போட்டவரே தவிர, கெட்டவர் அல்லர். ஆகவே ‘பங்களிக்காப் பயனர்’ என்பதே தகும்.

பெரிய குழுக்கள் திரளவே முடியாது என்பதல்ல இதன் பொருள். உறுப்பினருக்கு மட்டும் கிடைக்கும் காப்பீடு, தள்ளுபடி போன்ற ‘தனிப்பயன்’களைக் கொண்டு அவை ஆள் சேர்க்கின்றன, அமெரிக்க ஓய்வுபெற்றோர் சங்கம் வளர்ந்த வழி அதுவே. சர்க்கரை விலையை எதிர்த்து நெடுங்காலம் வாதாடி வருபவர்களும் வீடுகளில் சர்க்கரை வாங்கும் கோடிக்கணக்கானோர் அல்லர். மிட்டாய், இனிப்பு உணவு தயாரிக்கும் நிறுவனங்களே. எண்ணிக்கையில் அவையும் சிலவே.