வாலில் வைத்த மூட்டை

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி உட்காருவதற்கான மேடைக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். கீழே மெஷினில் கலந்த கான்கிரீட் பக்கெட்டில் ஏறி, மாடி விளிம்புக்கு வெளியே நீட்டியிருந்த இரும்புக் கையின் வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. இந்தச் சின்னத் தூக்கியைச் சில இடங்களில் மினி கிரேன் என்பார்கள், சில இடங்களில் மங்கி ஹாய்ஸ்ட் என்பார்கள். முன்னால் ஒரு கை, அதன் நுனியில் கப்பி, நடுவில் மோட்டார், பின்னால் வால். வாலில் பாரம். அவ்வளவுதான்.

பதினோரு மணி வாக்கில், பக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய நொடியில், வால் நாலு விரல் உயரத்துக்கு எழும்பி 'டொம்' என்று உட்கார்ந்தது. ஆபரேட்டர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார். போய்ப் பார்த்தால், காலையில் வாலில் அடுக்கியிருந்த ஆறு சிமெண்ட் மூட்டைகளில் நாலுதான் இருந்தன. இரண்டாவது மாடியில் பூச்சுக்குச் சிமெண்ட் தீர்ந்துபோய், யாரோ கைக்கு எட்டிய இரண்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"டீக்கு அப்புறம் பத்து நடை இந்த நாலு மூட்டையிலதாண்ணே ஏறுச்சு. அப்பல்லாம் தூக்கலையே?" என்றார் ஆபரேட்டர். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நீண்ட மரத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் கல். மரம் எதன் மேல் ஊன்றி ஆடுகிறதோ அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பாரம் தொங்குகிறது என்பதுதான் முக்கியம். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். எங்கள் மெஷினுக்கு ஊன்றுமிடம் அதன் முன்கால். முன்காலிலிருந்து கப்பி 0.8 மீட்டர் வெளியே இருந்தது. வால் மூட்டைகள் 1.6 மீட்டர் பின்னால் இருந்தன. பக்கெட்டில் 75 லிட்டர் கான்கிரீட். ஒரு கன மீட்டர் பச்சைக் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ என்பதால் 75 லிட்டர் 180 கிலோ வரும். பக்கெட் 20 கிலோ. மொத்தம் 200.

முன்பக்கம் கவிழ்க்கப் பார்ப்பது 200 × 0.8 = 160. பின்பக்கம் ஆறு மூட்டை, அதாவது 300 கிலோ, பிடித்துவைப்பது 300 × 1.6 = 480. மூன்று மடங்கு. நாலு மூட்டை என்றால் 200 × 1.6 = 320. இரண்டு மடங்கு. சட்டத்தின் சொந்த எடையை நான் சேர்க்கவில்லை. அதில் ஒரு பங்கு முன்னே நீட்டிய கையிலும் இருக்கிறது, அதை நம்பிக் கணக்குப் போடுவதைவிட விட்டுவிடுவதே பாதுகாப்பு.

இரண்டு மடங்கு இருந்தால் போதாதா? அசையாமல் தொங்கும் பாரத்துக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பக்கெட் அசையாமல் தொங்குவதில்லை. தரையில் உட்கார்ந்திருக்கும்போது கம்பிக்கயிறு கொஞ்சம் தொய்ந்திருக்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கி அந்தத் தொய்வைச் சுருட்டி முடிக்கும்போது கயிறு ஏற்கெனவே வேகத்தில் இருக்கிறது, பக்கெட்டோ தரையில் சும்மா கிடக்கிறது. 200 கிலோவை ஒரே நொடிக்குள் அந்த வேகத்துக்குக் கொண்டுவரக் கயிறு தன் சக்தியையெல்லாம் காட்டி இழுக்கும். ஒரு பாரத்தைக் கயிற்றில் திடீரென்று ஏற்றினாலே, அது மேலிருந்து விழாவிட்டாலும்கூட, கயிற்றின் இழுவிசை ஒரு கணம் எடையைப் போல இரு மடங்காகிவிடும். தொய்வோடு இழுத்தால் அதையும் தாண்டலாம். ஆக, அந்தக் கணத்தில் முன்பக்கத்தின் 160 என்பது 320. பின்பக்கமும் 320. சமம். டீக்குப் பிறகு பத்து நடைகள் ஒழுங்காக ஏறியதற்குக் காரணம், கீழே நின்றவர் கயிறு இறுகும்வரை மெல்ல மெல்ல சுவிட்சைத் தட்டச் சொன்னதுதான். பதினோராவது நடைக்கு அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.

இதே திடீர் இழுப்பு இன்னொரு வழியிலும் வரும். பக்கெட் மேலே போகும்போது விளிம்பு சாரக் கம்பிலோ, சன்ஷேடின் அடியிலோ மாட்டிக்கொள்ளும். மோட்டாருக்கு அது தெரியாது, இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பு நழுவியதும் பக்கெட் துள்ளும். அதுவும் மேல்மாடிக்குப் பக்கத்தில் நடந்தால் இன்னும் மோசம். ஏனென்றால் அங்கே கப்பிக்கும் பக்கெட்டுக்கும் நடுவே கயிறு மிகக் குட்டை. நீளக் கயிறு கொஞ்சம் நீண்டுகொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், குட்டைக் கயிறு அப்படிக் கொடுக்காது. பக்கெட்டின் அடியில் ஒரு வழிகயிறு கட்டி, கீழே ஒருவர் தள்ளி நின்று அதைப் பிடித்துச் சுவரை விட்டு விலக்கிவைப்பது இதற்காகத்தான். கொக்கி கப்பியில் போய் முட்டுவதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சும் இதே காரணத்துக்காகத்தான் இருக்கிறது. அது வேலை செய்யாமல் போனால் பெரும்பாலான தளங்களில் ரிப்பேர் செய்ய மாட்டார்கள், ஒயரைச் சேர்த்து முறுக்கிவிடுவார்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு கணக்கும் உண்டு. மேலே மோட்டாரோடு கூடிய மெஷின் கிடைக்காதபோது, கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சைத் தரையில் வைத்து, மாடியில் வெறும் கப்பியை மட்டும் தொங்கவிடுவார்கள். மேலே கனம் குறைந்துவிட்டது என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கிணற்று ராட்டினத்தை நினைத்துப் பாருங்கள். குடம் ஒரு பக்கம் கீழே இழுக்கிறது, இறைப்பவர் அதே அளவு விசையோடு மறுபக்கம் கீழே இழுக்கிறார். ராட்டினத்தைத் தாங்கும் சட்டம் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. தரையில் வின்ச் இருந்தால் கப்பியில் தொங்குவது 200 அல்ல, 400 கிலோ. எங்கள் மெஷினின் கையில் அதை மாட்டியிருந்தால் முன்பக்கத் திருப்புத்திறன் 320. ஆறு மூட்டையும் இருந்தால்கூட மிச்சம் ஒன்றரை மடங்குதான். ஒரு சின்ன உலுக்கலுக்கே வால் கிளம்பியிருக்கும்.

சரி, பாரத்தின் பக்கம் வருவோம். பக்கெட்டைப் பார்த்து எடையை மதிப்பிடுவதுதான் தளத்தில் வழக்கம், ஆனால் ஒரே பக்கெட்டில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்து எடை எங்கேயோ போய்விடும். எங்கள் பக்கெட்டில் செங்கல்லை அப்படியே போட்டால் இடைவெளி போக முப்பதுக்குள்தான் பிடிக்கும். கல் ஒன்று 3 கிலோ என்றால் 90 கிலோ. அதே பக்கெட்டில் பச்சைக் கான்கிரீட் இரு மடங்கு. காலையில் கல் ஏற்றிப் பழகிய கை, மத்தியானம் கான்கிரீட்டையும் விளிம்புவரை நிரப்பும். இதில் இன்னொரு திருட்டுத்தனம் உண்டு. கழுவாமல் விட்ட கான்கிரீட் பக்கெட்டின் அடியில் இறுகிக்கொண்டே வரும். ஒரு வாரத்தில் 20 கிலோ பக்கெட் 30 கிலோவாகியிருக்கும், யாருக்கும் தெரியாது. உள்பக்கம் பெயிண்டில் ஒரு கோடு போட்டு, கான்கிரீட் அதற்கு மேல் வரக்கூடாது என்று வைத்தால், எடையும் கட்டுக்குள் இருக்கும், ஆட்டத்தில் விளிம்பு வழியாகச் சிந்துவதும் நிற்கும்.

செங்கல்லில் ஆபத்து எடை அல்ல. தட்டின் விளிம்புக்கு மேலே அடுக்கிய ஒரு வரிசைதான். ஒரு கல் 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர். அதன் ஆற்றல் 265 ஜூல். ஐரோப்பியத் தரவிதிப்படி தொழிற்சாலைத் தலைக்கவசத்தைச் சோதிக்கும்போது அதன் மேல் போடுவது 5 கிலோ எடையை, 1 மீட்டர் உயரத்திலிருந்து. அது 49 ஜூல். அதாவது ஒரே ஒரு செங்கல், கவசம் சோதிக்கப்பட்டதைவிட ஐந்து மடங்குக்கும் அதிகமாக அடிக்கும். ஹெல்மெட் போட்டிருக்கிறேன் என்று மெஷினின் கைக்குக் கீழே நிற்பதில் அர்த்தமே இல்லை. நிற்கக்கூடாத இடத்தைக் கயிறு கட்டி அடைத்துவிட வேண்டும். சித்தாள்கள் பக்கெட்டை நிரப்பி, கொக்கி மாட்டி, வெளியே வந்த பிறகுதான் சுவிட்ச். சிமெண்ட் மூட்டையை ஒற்றைக் கயிற்றுச் சுருக்கில் தூக்குவதும் இப்படித்தான். மூட்டைக்குள் தூள் நகரும், சுருக்கு தளரும், வழியில் வழுக்கும். தட்டில் படுக்கவைத்து ஏற்றினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

மெஷின் கெட்டுப்போவதற்கு முன்னால் கம்பிக்கயிறு சொல்லிவிடும், கேட்கத் தெரிந்தால். எங்களுடையது 8 மில்லிமீட்டர் கயிறு. ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி, மொத்தம் 114. விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்தில், அதாவது 64 மில்லிமீட்டருக்குள், மொத்தக் கம்பிகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அறுந்து தெரிந்தால் அந்தக் கயிற்றைத் தூக்குவதற்குப் பயன்படுத்தக்கூடாது என்பது இந்தியக் கட்டுமானத் தொழிலாளர் விதிகளில் உள்ள அளவு. எங்களுக்கு அது 11 கம்பி. எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பழைய பருத்தித் துணியைக் கயிற்றின் மேல் லேசாகப் படியவைத்து, ஓடாத கயிற்றோடு நகர்த்திக்கொண்டே போனால் அறுந்த கம்பி நூலைப் பிடித்து இழுக்கும். வெறுங்கையால் தடவ வேண்டாம்.

கயிற்றின் முனையில் கொக்கிக்காக வளைத்து மாட்டும் கிளிப்பில்தான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள். கிளிப்பின் அடிக்கட்டை பாரம் சுமக்கும் கயிற்றின் மேல் உட்கார வேண்டும், வளைந்த கம்பி வெட்டுமுனையின் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த வளைந்த கம்பி, சுமக்கிற கயிற்றையே நசுக்கும். குறைந்தது மூன்று கிளிப் வேண்டும். பாரம் ஒருமுறை ஏறி இறங்கியதும் கயிறு மெலியும், அதனால் நட்டை மறுபடி இறுக்க வேண்டும். மோட்டார் கயிற்றைச் சுருட்டும் டிரம்மில், கொக்கி தரையைத் தொடும்போதும் மூன்று சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். டிரம்மைச் சுற்றிய கயிற்றின் உராய்வே பாரத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, கயிற்றின் நுனியை டிரம்மோடு பிடிக்கும் கடைசி போல்ட்டுக்குப் போவது சின்னப் பங்குதான். சுற்று தீர்ந்துவிட்டால் முழுப் பாரமும் அந்த ஒற்றைப் போல்ட்டில்.

மேலே பக்கெட்டை வாங்குகிறவர் விளிம்பிலிருந்து எட்டிப் பிடிக்கும்படி இருக்கக்கூடாது. மெஷினின் கை திரும்பி பக்கெட்டை உள்ளே கொண்டுவர வேண்டும். அவருடைய பெல்ட்டைத் தூண் கம்பியில் கட்ட வேண்டுமே தவிர, மெஷின் சட்டத்தில் அல்ல. மெஷின் போனால் அவரும் போவார்.

அன்று மத்தியானம் கான்கிரீட்டை நிறுத்தவில்லை. கலந்ததை அப்படியே விட்டால் இறுகிவிடும். மூட்டைகளைத் திரும்ப ஏற்றி, பக்கெட்டைப் பாதி நிரப்பி முடித்தோம். அடுத்த நாள் மேஸ்திரி மிச்சக் கலவையில் 50 கிலோ கான்கிரீட் கட்டைகளாக ஆறு வார்த்தார். நடுவில் ஒரு ஓட்டை. வாலில் உள்ள கம்பியில் கோத்து, மேலே நட் போட்டு இறுக்கிவிட்டார். அதைக் கரைத்து யாரும் பூச முடியாது. இப்போது தினமும் முதல் நடைக்கு, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துவார்கள். எல்லாரும் பக்கெட்டைப் பார்ப்பார்கள். மேஸ்திரி மட்டும் மாடியில் குந்தியபடி வாலுக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டை நுழைக்கப் பார்ப்பார்.