அடிக்கடி சளி பிடித்தால் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று அர்த்தமா?

“எனக்கு இம்யூனிட்டியே இல்லை டாக்டர், ஏதாவது சத்து ஊசி போட்டுவிடுங்கள்.” வருடத்தில் மூன்று முறை சளி பிடித்தவரும் இதைத்தான் சொல்கிறார். இரண்டு முறை நிமோனியா வந்து படுத்தவரும் இதையேதான் சொல்கிறார். முன்னவருக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். பின்னவரோ கட்டாயம் பரிசோதனை செய்ய வேண்டியவர், ஆனால் சத்துப்பொடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். என் ஆதங்கமெல்லாம் இவரைப் பற்றித்தான்.

முதலில் சாதாரணச் சளி. ஆரோக்கியமான பெரியவருக்கே வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை சளி பிடிப்பது இயல்பு. வீட்டில் பள்ளி செல்லும் சிறு குழந்தை இருந்தால் இன்னும் கூடும். சளிக்குக் காரணமான ரைனோ வைரஸில் மட்டுமே 160க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றை உடல் வென்றுவிட்டாலும் அடுத்தது அதற்குப் புதிதுதான். இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள்: மூக்கு ஒழுகுவதும் தொண்டை வீங்குவதும் பெரும்பாலும் உங்கள் எதிர்ப்புச் சக்தி வேலை செய்வதால் வருபவை. அது இல்லாததால் வருபவை அல்ல. சளி பச்சையாக, மஞ்சளாக மாறுவதும் அங்கே குவியும் வெள்ளை அணுக்களால்தான். நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள்.

“மாதாமாதம் சளி” என்று வருபவர்களில் பலருக்கு இருப்பது ஒவ்வாமை. காய்ச்சல் இருக்காது. மூக்கும் கண்ணும் அரிக்கும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், தண்ணீர் போல ஒழுகும், வாரக்கணக்கில் நீளும். மூக்கடைப்புக்கான சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து போட்டு, அந்த மருந்தாலேயே மூக்கு அடைத்துக்கொள்பவர்களும் உண்டு. இவர்களுக்கு மருந்தை நிறுத்துவதுதான் வைத்தியம்.

அப்படியானால் எப்போது தேட வேண்டும்? சளியின் எண்ணிக்கையை விட, தொற்று எங்கே வருகிறது, எதனால் அடங்குகிறது என்பதைப் பாருங்கள். ஒவ்வாமை இல்லாமலே வருடத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ சைனஸ் தொற்று, ஆண்டுக்கு ஒரு நிமோனியா என அடுத்தடுத்த ஆண்டுகளில் வருவது, ஆழமான சீழ்க்கட்டிகள், வாயில் விடாத வெண்படலம், எடை குறைவதோடு நீடிக்கும் வயிற்றுப்போக்கு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காரணம் தேட வேண்டும்.

36 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். குனிந்தால் கன்னமும் நெற்றியும் வலிக்கின்றன, கெட்டியான சளி வருகிறது. ஆன்டிபயாடிக் எடுத்தால் அடங்குகிறது, நிறுத்திய சில வாரங்களில் திரும்புகிறது. இடையில் இரண்டு முறை நிமோனியா. சர்க்கரை இல்லை, எச்.ஐ.வி. இல்லை, ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் சரி. இத்துடன் “எல்லாம் நார்மல்” என்று ஃபைல் மூடப்படுகிறது.

ஆனால் அந்த ஃபைலிலேயே விடை இருக்கிறது. கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் மொத்தப் புரதம் 6.1, அல்புமின் 4.5. இரண்டும் இயல்பான அளவுக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள்: குளோபுலின் 1.6. வழக்கமாக 2க்கு மேல் இருக்க வேண்டும். கிருமிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் இந்தக் குளோபுலினுக்குள்தான் வருகின்றன. அடுத்து ஆன்டிபாடி வகைகளான ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் அளவுகளைப் பார்த்தால், குறைந்தது சுமார் 700 இருக்க வேண்டிய ஐஜிஜி 210, ஐஜிஏ ஏறக்குறைய இல்லை.

இத்துடன் முடிவு கட்டிவிட முடியாது. சிறுநீரிலோ குடல் வழியாகவோ புரதம் வெளியேறுகிறதா, ரத்தப் புற்றுநோய் இருக்கிறதா, ஸ்டீராய்டு, ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகளின் விளைவா என்று பார்க்க வேண்டும். பிறகு நிமோகாக்கல் தடுப்பூசி போட்டு, நான்கு முதல் எட்டு வாரங்களில் ஆன்டிபாடி உயர்கிறதா என்று அளக்க வேண்டும். உயரவே இல்லை என்றால் சி.வி.ஐ.டி. எனப்படும் ஆன்டிபாடிக் குறைபாடாக இருக்கலாம். பிறவியிலேயே தெரிய வேண்டும் என்பதில்லை, பலருக்கு 20 முதல் 40 வயதுக்குள்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. இதை எந்த டானிக்கும் சரிசெய்யாது. மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியாகவோ, வாராவாரம் தோலுக்கடியிலோ இம்யூனோகுளோபுலின் என்னும் ஆன்டிபாடிகளைச் செலுத்துவதுதான் சிகிச்சை. தாமதித்தால், திரும்பத் திரும்ப வரும் தொற்றில் நுரையீரலின் காற்றுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிடும். அந்தச் சேதத்தை மீட்க முடியாது.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு தொற்றுக்கும் தேதி, எந்த இடம், எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், எக்ஸ்ரே எடுத்ததா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தானாக வாங்கி விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையையும் மறைக்காமல் எழுதுங்கள். அந்தத் தாளோடு பழைய ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், குளோபுலின் எவ்வளவு என்று கேளுங்கள்.