ஓடும் டிராக்டரில் பேட்டரி கொடுக்கிறதா, வாங்குகிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றும் டிராக்டர்கள் விடிவதற்கு முன்பே விளக்கோடு கிளம்பிவிடும். பத்து நாளில் பேட்டரி இறங்கிவிட்டது என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் பலவற்றுக்குப் பேட்டரியையே மாற்றிவிடுகிறார்கள். புதுப் பேட்டரியும் பத்தே நாளில் இறங்கும். என்ஜின் ஓடும்போது பேட்டரி மின்சாரத்தை வாங்கியதா, கொடுத்ததா என்ற ஒரே கேள்விக்குச் சரியான பதில் கிடைத்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தும் பதில் தவறாக வருகிறதென்றால், பெரும்பாலும் கூட்டல் கழித்தல் குறியில்தான் குழப்பம் நடந்திருக்கும்.

பாடத்தில் இந்தக் குறிக்கான விதியைப் பேசிவ் சைன் கன்வென்ஷன் என்று சொல்லித்தருவார்கள். சாரம் எளிது. ஒரு பொருளின் இரு முனைகளில் எதைக் கூட்டல் என்று வைக்கிறோமோ, அந்த முனை வழியாக உள்ளே போகும் மின்னோட்டத்தைக் கூட்டலாக எண்ண வேண்டும். திறன் P, மின்னழுத்தம் V, மின்னோட்டம் I. அப்படி எண்ணிவிட்டு P = V × I என்று பெருக்கினால், விடை கூட்டலாக வந்தால் அந்தப் பொருள் திறனை உள்வாங்குகிறது; கழித்தலாக வந்தால் வெளியே கொடுக்கிறது. மின்னோட்டத்தின் அம்பு கழித்தல் முனை வழியாக உள்ளே போவதாக வரையப்பட்டிருந்தால் P = −V × I என்று எழுத வேண்டும்.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அம்பு என்பது உண்மையில் ஓட்டம் எந்தப் பக்கம் போகிறது என்ற தீர்ப்பு அல்ல. நாம் முதலில் வைத்துக்கொள்ளும் திசை மட்டுமே. உண்மை ஓட்டம் எதிர்ப்பக்கம் இருந்தால் எண் தானாகக் கழித்தலாக வரும், கணக்கு கெடாது. பேட்டரி என்றால் கொடுக்கத்தான் செய்யும் என்று முன்கூட்டியே முடிவு செய்து அம்பை மாற்றிப் போடுவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

டிராக்டருக்கு வருவோம். பேட்டரி, என்ஜின் சுழற்றும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், விளக்குகள் என்று மூன்று பொருள்கள். மூன்றின் கூட்டல் முனையும் ஒன்றாகச் சேர்கிறது, கழித்தல் முனையெல்லாம் வண்டியின் சட்டத்தில். அதனால் மூன்றுக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. ஒவ்வொன்றிலும் கூட்டல் முனைக்குள் போகும் பக்கம் பார்த்து கிளாம்பின் அம்பைத் திருப்பினால் போதும், அந்த விதி கடைப்பிடிக்கப்பட்டுவிட்டது.

டிசி அளக்கும் கிளாம்ப்தான் வேண்டும். ஏசி மட்டும் அளக்கும் மலிவான கிளாம்பில் இந்த மின்னோட்டம் பூஜ்யமாகவே தெரியும், வண்டியில் ஓட்டமே இல்லை என்று நினைக்கத் தோன்றும். வயரில் மாட்டும் முன் கிளாம்பின் தாடையை மூடி ஸீரோ பட்டனை அழுத்துங்கள். தாடையில் பொறித்திருக்கும் அம்பின் பக்கம் ஓட்டம் போனால் மீட்டர் கூட்டலைக் காட்டும்.

பேட்டரியின் கூட்டல் முனையில் ஒரு தடித்த கேபிளோடு இரண்டு மூன்று மெல்லிய வயர்களும் மாட்டியிருப்பது வழக்கம். அவை எல்லாவற்றையும் ஒன்றாகத் தாடைக்குள் விட வேண்டும், ஒன்றை விட்டாலும் கணக்கு குறையும். இடம் பற்றாமல் கழித்தல் கேபிளில் மாட்டினால் அம்பு பேட்டரியை விட்டு வெளியே பார்க்க வேண்டும், ஏனென்றால் கூட்டலில் உள்ளே போவது கழித்தலில் வெளியே வருகிறது. இதை மறந்து இரண்டு கேபிளிலும் அம்பைப் பேட்டரி பக்கமே திருப்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அம்பு சரிதானா என்று பார்க்க என்ஜினை அணைத்து விளக்கை மட்டும் போடுங்கள். இப்போது கொடுக்க வேறு ஆளில்லை, பேட்டரி கொடுத்தே ஆக வேண்டும். ஒரு வண்டியில் 12.3 வோல்ட், −9.4 ஆம்பியர் என்று வந்தால் பெருக்கல் −115.6 வாட். கழித்தல் வந்துவிட்டது, அம்பு சரி. கூட்டல் வந்தால் கிளாம்பைத் திருப்பிப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

இனி என்ஜினை ஓட்டி, விளக்கை எரியவிட்டு அளப்போம். மின்னழுத்தம் 14.1 வோல்ட். பேட்டரிக்குள் +12 ஆம்பியர், விளக்குகளுக்குள் +10, ஆல்டர்னேட்டரின் கூட்டல் முனைக்குள் −22. பெருக்கினால் பேட்டரி 169.2 வாட்டை உள்வாங்குகிறது, விளக்குகள் 141 வாட்டை உள்வாங்குகின்றன, ஆல்டர்னேட்டர் −310.2, அதாவது 310.2 வாட்டைக் கொடுக்கிறது. மூன்றையும் குறியோடு கூட்டினால் பூஜ்யம். கொடுத்ததெல்லாம் எங்கோ உள்வாங்கப்பட்டாக வேண்டும் என்பதால் இது பூஜ்யமாகத்தான் வர வேண்டும்.

பேட்டரியில் மட்டும் கிளாம்பைத் தலைகீழாக மாட்டி −12 என்று எழுதியிருந்தால் என்னாகும்? பேட்டரியும் கொடுக்கிறது, ஆல்டர்னேட்டரும் கொடுக்கிறது என்று தாளில் வரும். ஆல்டர்னேட்டர் பலவீனம் என்று அதைக் கழற்றிவிடுவார்கள். ஆனால் கூட்டிப் பார்த்தால் −169.2 + 141 − 310.2 = −338.4. பூஜ்யம் வரவில்லை என்றால் எங்கோ குறி தவறு. அதைவிட நல்ல தகவலும் இதிலேயே இருக்கிறது. ஒரே ஒரு குறிதான் தவறு என்றால், வந்த மிச்சத்தில் பாதியே தவறான பொருளின் எண். 338.4இன் பாதி 169.2, அது பேட்டரியின் எண்! வண்டிக்குக் கீழே மறுபடி படுக்காமலேயே எதைத் திரும்ப அளக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மூன்று அம்பையும் தலைகீழாகப் போட்டாலும் கூட்டல் பூஜ்யமாகவே வரும். அப்போது காப்பாற்றுவது விளக்குதான். விளக்கு, ஹீட்டர் கம்பி போன்ற மின்தடைகள் எப்போதும் உள்வாங்கத்தான் செய்யும். அங்கே கழித்தல் வந்தால் அளவு முழுவதும் தலைகீழ்.

சிறு மிச்சம் வந்தால் பதற வேண்டாம். ஆல்டர்னேட்டரின் முனையில் 14.3, பேட்டரியில் 14.1 என்று அளந்திருந்தால், 22 ஆம்பியரும் ஓடும் கேபிள் 22 × 0.2 = 4.4 வாட்டைச் சூடாக உள்வாங்குகிறது. அதையும் ஒரு பொருளாகச் சேர்த்தால் கணக்கு முடியும். இறுக்கம் குறைந்த, பச்சை பூத்த முனைகளில் இந்த வேறுபாடு பெரிதாகும், அதனால் தனியாகப் பார்க்க வேண்டியதுதான்.

பேட்டரி கிட்டத்தட்ட நிறைந்திருக்கும்போது மின்னோட்டம் அரை ஆம்பியருக்கும் கீழே இறங்கும். கிளாம்பின் ஸீரோ நகர்ந்தாலே குறி மாறிவிடும் அளவு அது, அந்தக் குறியை நம்பி முடிவெடுக்கக் கூடாது. என்ஜினை அணைத்து, விளக்கைச் சற்று நேரம் எரியவிட்டுப் பேட்டரியைக் கொஞ்சம் இறக்கி, என்ஜினை ஓட்டி மறுபடி பாருங்கள்.

பத்து நாளில் இறங்கும் வண்டியில் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: என்ஜின் நல்ல வேகத்தில் ஓடியும் பேட்டரியில் 12.1 வோல்ட், −9.3 ஆம்பியர். பெருக்கல் −112.5 வாட். என்ஜின் ஓடும்போதும் பேட்டரியே விளக்கை எரிக்கிறது. ஆல்டர்னேட்டரில் ஓட்டம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். அங்கே பெல்ட், பீல்டு வயர், ரெகுலேட்டர் என்ற வரிசையில் தேட வேண்டும். புதுப் பேட்டரிக்குக் கடை ஏறக் கூடாது.