முனைக் கம்பத்தின் ஸ்டே கம்பி ஏன் கோணலாகப் போகிறது?

வாசகர் ஒருவர் தன் தெருமுனை மின்கம்பத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். பெரிய தெருவிலிருந்து நான்கு கம்பிகள் வந்து அந்தக் கம்பத்தில் முடிகின்றன. அங்கிருந்து மூன்று கம்பிகள் மட்டும் திரும்பி அவருடைய சின்னத் தெருவுக்குள் போகின்றன. கம்பம் சாயாமல் இருக்கப் பின்பக்கம் ஒரு ஸ்டே கம்பி கட்டித் தரையில் புதைத்திருக்கிறார்கள். அவருடைய சந்தேகம் அந்த ஸ்டே கம்பியைப் பற்றித்தான். அது பெரிய தெரு லைனுக்கு நேர் எதிரே இல்லை, சின்னத் தெரு லைனுக்கு எதிரேயும் இல்லை, இரண்டுக்கும் சரிநடுவிலும் இல்லை. “ஏதோ கண்மதிப்பில் போட்டுவிட்டார்களா? இதற்கு முன் இருந்த கம்பம் சாய்ந்துதான் போனது. முச்சந்தி என்பதால் பூசணிக்காய் உடைக்கச் சொல்கிறார்கள்” என்று எழுதியிருந்தார்.

பூசணிக்காயைக் கூட்டுக்குக் கொடுத்துவிடலாம். இந்தக் கேள்விக்கு ஒரு ஸ்கேலும் பாகைமானியும் போதும்.

விசைக்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. அதனால் அதை ஓர் அம்புக்குறியாக வரைகிறோம் என்பது பள்ளியில் படித்ததுதான். ஒரு கம்பி கம்பத்தை 1000 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெரிய தெருப் பக்கம் 4000 நியூட்டன், சின்னத் தெருப் பக்கம் 3000 நியூட்டன். படத்தைப் பார்த்தால் இரண்டு லைன்களுக்கும் இடையே ஏறக்குறைய 120 பாகை இருக்கும்.

ஒரு தாளில் கம்பத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். 500 நியூட்டனுக்கு 1 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் பெரிய தெரு அம்பு 8 செ.மீ., சின்னத் தெரு அம்பு 6 செ.மீ. இரண்டும் அந்தப் புள்ளியிலிருந்தே கிளம்ப வேண்டும், இடையே 120 பாகை. இனி ஒவ்வோர் அம்பின் முனையிலிருந்தும் மற்றொன்றுக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால் இணைகரம் முழுமையாகிவிடும். கம்பப் புள்ளியிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள்: 7.2 செ.மீ. வரும். அதாவது 3600 நியூட்டன். அதுதான் தொகுபயன் விசை. பெரிய தெரு அம்புக்கும் அதற்கும் உள்ள கோணம் 46 பாகை.

ஆக, அந்த ஏழு கம்பிகளும் சேர்ந்து செய்கிற வேலையை, 46 பாகைத் திசையில் 3600 நியூட்டன் இழுவை உள்ள ஒரே கம்பி செய்துவிடும். ஸ்டே கம்பி போக வேண்டியது இதற்கு நேர் எதிர்த் திசையில். சரிநடு என்றால் 60 பாகை. வாசகர் படத்தில் ஸ்டே கம்பி நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி, பெரிய தெரு லைனின் எதிர்த் திசையை நோக்கி ஒதுங்கியிருக்கிறது. கம்பம் நட்டவர்கள் வேலை தெரிந்தவர்கள்.

சரிநடுவில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு பக்கமும் மூன்று மூன்று கம்பிகள் ஒன்றின் பக்கவாட்டு இழுவையை மற்றொன்று சமன் செய்துவிடும். மிச்சம் இருப்பது பெரிய தெருவின் நான்காவது கம்பி. அதன் 1000 நியூட்டனில் ஏறக்குறைய 870 நியூட்டன், ஸ்டே கம்பிக்குக் குறுக்கே, கேட்பாரில்லாமல் கம்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழையில் அடிமண் இளகினால் கம்பம் மெல்ல மெல்லப் பெரிய தெருப் பக்கம் சாயும். பழைய கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவர் எழுதவில்லை; எழுதியிருந்தால் பாதிக் கதை அதிலேயே தெரிந்திருக்கும்.

சரி, மூலைவிட்டம் என்ன மந்திரம்? இரண்டு விசைகளின் கூட்டுக்கு அது ஏன் விடையாக வேண்டும்? பள்ளியில் இந்த இடத்தில் “இது விதி” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கோ இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். 1687-இல் நியூட்டன் தன் இயக்க விதிகளைச் சொன்ன கையோடு, அவற்றிலிருந்து வரும் முதல் முடிவாக வைத்ததும் இதைத்தான். அவருடைய வாதத்துக்குச் சமன்பாடே வேண்டாம்.

நன்றாகப் பவுடர் போட்ட கேரம் பலகையில் ‘அ’ என்ற இடத்தில் ஒரு காய் இருக்கிறது. உராய்வே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு மட்டும் கொடுத்தால் காய் ஒரு விநாடியில் ‘ஆ’ என்ற இடத்துக்குப் போகும். வேறொரு தட்டு மட்டும் கொடுத்தால் அதே ஒரு விநாடியில் ‘இ’ என்ற இடத்துக்குப் போகும். இரண்டையும் ஒரே கணத்தில் கொடுத்தால் எங்கே போகும்?

‘ஆ’ வழியாக, அஇ-க்கு இணையாக ஒரு கோடு வரையுங்கள். முதல் தட்டு காயை இந்தக் கோட்டை நோக்கி அனுப்புகிறது, ஒரு விநாடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இரண்டாவது தட்டின் திசையோ இந்தக் கோட்டுக்கு இணையானது. கோட்டுக்கு இணையாகத் தள்ளுகிற ஒன்று, காயைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவரவும் முடியாது, தள்ளிப்போகச் செய்யவும் முடியாது. எனவே இரண்டாவது தட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு விநாடி முடியும்போது காய் இந்தக் கோட்டின் மேல் எங்கோ ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். எங்கே என்று இப்போதைக்குத் தெரியாது. கோட்டின் மேல்தான் என்பது மட்டும் நிச்சயம்.

அதே வாதத்தைத் திருப்பிப் போடுங்கள். ‘இ’ வழியாக, அஆ-க்கு இணையாக இன்னொரு கோடு. இந்தக் கோட்டை அடைவதற்கு முதல் தட்டால் உதவியும் இல்லை, உபத்திரவமும் இல்லை. ஆகவே அதே விநாடி முடிவில் காய் இந்தக் கோட்டின் மேலும் இருந்தாக வேண்டும். இரண்டு கோடுகளின் மேலும் ஒரே நேரத்தில் இருக்க ஓரிடம்தான் உண்டு: அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி. அதுதான் இணைகரத்தின் எதிர் மூலை. தட்டிய பிறகு வேறு விசை எதுவும் இல்லாததால் காய் நேர்கோட்டில்தான் போகும். அந்த நேர்கோடுதான் மூலைவிட்டம்.

இந்த வாதத்தில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு விசை வேலை செய்யும்போது இன்னொன்று அதைக் கெடுப்பதில்லை, ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் செய்வதையே சேர்ந்திருக்கும்போதும் செய்கிறது என்பதே அது. 1726-இல் டேனியல் பெர்னூலி இந்த இணைகர விதியை வெறும் வடிவியலாகவே நிறுவப் பார்த்தார். ஆனால் விசைகள் ஒன்றையொன்று கெடுக்காது என்பதை உலகத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்பதற்கான கருவி நம் பள்ளிகளிலேயே இருக்கிறது: ஒரு மரப்பலகை, இரண்டு கப்பிகள், நூல், மூன்று எடைகள். இரண்டு எடைகள் கப்பிகளின் மேல் தொங்க, மூன்றாவது நடு முடிச்சிலிருந்து தொங்கும். நூலுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிப் பட்டையை வைத்து, நூலும் அதன் பிம்பமும் ஒன்றாகத் தெரியும்படி பார்த்துத் தாளில் குறித்தால், மூலைவிட்டம் மூன்றாவது எடைக்குச் சமமாகவும் நேர் மேல்நோக்கியும் வரும். கப்பி துருப்பிடித்திருந்தால் வராது. முடிச்சைத் தொட்டு நகர்த்தினால் நகர்த்திய இடத்திலேயே நிற்கும், அதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இந்தக் கருவி பல இடங்களில் பூட்டிய அலமாரிக்குள் கிடக்கிறது. பெரிய ஆய்வகங்களுக்கு நிதி கேட்பது நியாயம்தான். அதற்கு முன் அலமாரிச் சாவியையும் கொஞ்சம் தேடலாம்.

முக்கோண விதி என்று தனியாக ஒன்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இணைகரத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமம், இணை. ஆகவே இரண்டாவது அம்பைக் கம்பப் புள்ளியில் வைப்பதற்குப் பதில், திசை மாறாமல் நகர்த்தி முதல் அம்பின் முனையில் வைத்தாலும் அதே எதிர் மூலைக்குத்தான் போய்ச் சேரும். தொடக்கத்தையும் முடிவையும் இணைத்தால் தொகுபயன் கிடைத்துவிடும். இணைகரத்தில் பாதிதான் முக்கோணம். எந்த அம்பை முதலில் வரைகிறோம் என்பது பொருட்டில்லை. வரிசையை மாற்றினால் மற்றப் பாதி கிடைக்கும், அவ்வளவுதான்.

வரைவது குறைவு என்பதால் எனக்கு முக்கோணமே பிடிக்கும். ஆனால் வழுக்கி விழும் இடமும் இங்கேதான். விசைகளுக்கு இடையே 120 பாகை என்றதும், பலர் முக்கோணத்தின் உள்ளேயே 120 பாகை வைத்து வரைந்துவிடுவார்கள். அம்பை முனைக்கு நகர்த்திய பிறகு முக்கோணத்துக்குள் வரும் கோணம் 180-இலிருந்து 120 போக 60 பாகைதான். தவறாக வரைந்தால் 7.2 செ.மீ.க்குப் பதில் 12.2 செ.மீ. வரும், கம்பத்துக்கு 6100 நியூட்டன் என்று கணக்குச் சொல்லும். உண்மையில் அது இணைகரத்தின் இன்னொரு மூலைவிட்டம், இரண்டு அம்பு முனைகளை இணைப்பது; கம்பப் புள்ளியை அது தொடுவதே இல்லை.

பாடப்புத்தகங்களுக்கு மிகவும் பிடித்த 3, 4, 5 கணக்கு இந்தத் தவறை அழகாக மறைத்துவிடும். செங்கோணத்தில் இணைகரம் செவ்வகமாகிவிடுவதால் இரண்டு மூலைவிட்டங்களும் சமம். எதை அளந்தாலும் 5 வரும், மதிப்பெண்ணும் வரும். ஆனால் அந்த 5-ஐக் கையில் வைத்துக்கொண்டால் மற்ற விடைகளைச் சரிபார்க்கலாம். நம் 4000, 3000 நியூட்டன் விசைகள் செங்கோணத்தில் இருந்தால் தொகுபயன் 5000. இடைக்கோணம் அதைவிட விரிந்தால் தொகுபயன் 5000-க்குக் கீழேதான் இறங்க வேண்டும். 120 பாகைக்கு 6100 என்று வந்தால் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

ஸ்டே கம்பிக்கு வருவோம். இதுவரை எல்லாம் மேலிருந்து பார்த்த படம். ஸ்டே கம்பி தரையை நோக்கிச் சரிந்து போகிறது. அதனால் பக்கவாட்டிலிருந்து பார்த்து இன்னொரு முக்கோணம் வரைய வேண்டும். லைன்கள் கட்டிய உயரத்திலேயே ஸ்டே கம்பியும் கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே கட்டினால் நெம்புகோல் கணக்கும் சேர்ந்துவிடும். கிடையாக 7.2 செ.மீ. வரையுங்கள், அது 3600 நியூட்டன். அதன் ஒரு முனையிலிருந்து ஸ்டே கம்பியின் சரிவில் ஒரு கோடு, மறு முனையிலிருந்து செங்குத்தாக ஒரு கோடு. தரையோடு 45 பாகை என்றால் சாய்ந்த பக்கம் 5100 நியூட்டன். தெருவில் இடமில்லை என்று கம்பத்துக்கு நெருக்கமாகப் புதைத்துச் சரிவு 60 பாகை ஆகிவிட்டால் 7200 நியூட்டன். லைன்கள் இழுக்கும் 3600-ஐப் போல இரு மடங்கு இழுவை. அந்தச் செங்குத்துப் பக்கமும் சும்மா இல்லை. 6200 நியூட்டன் அளவுக்கு அது கம்பத்தைக் கீழ்நோக்கி மண்ணுக்குள் அழுத்துகிறது. அதே அளவுக்குத் தரையில் புதைத்த பிடிமானத்தை மேலே பிடுங்கப் பார்க்கிறது.

வாசகரின் படத்தில் ஸ்டே கம்பி சாக்கடை ஓரத்தில், கம்பத்திலிருந்து நாலு எட்டு தூரத்தில் இறங்குகிறது. திசையில் குறை இல்லை. அது தரையில் இறங்கும் இடத்தில் மண் விரிசல் விட்டிருக்கிறதா, அடித்தண்டு முன்பைவிட வெளியே நீண்டு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பார்த்தால் போதும், கை வைக்க வேண்டாம்.