அண்டாவில் மிஞ்சிய சாதம்: எதைக் காப்பாற்றலாம், எதைக் கொட்டியே ஆகவேண்டும்

சின்ன உணவகங்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போன வருடம் மதுரையில் ஒரு மதியச் சாப்பாட்டு மெஸ்ஸுக்குப் போயிருந்தேன். நடத்துகிற அக்கா எடுத்தவுடனே, "அரிசிக்குக் கொடுத்தே கட்டுப்படியாகல சார்" என்றார். தினமும் 18 கிலோ பொன்னி அரிசி வடிக்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கு மிஞ்சுவதை எடை போட்டு நோட்டில் எழுதச் சொன்னேன். இலையில் மிஞ்சுவது ஒரு வாளி, பரிமாறாமல் அண்டாவிலேயே நின்றுபோவது தனி. இலையில் விழுந்ததை எந்த வடிவத்திலும் திருப்பிப் பரிமாறக் கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. அண்டாவில் மட்டும் சராசரியாக 7 கிலோ சாதம் மிஞ்சியிருந்தது. ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ சாதம் ஆகும். அப்படிப் பார்த்தால் தினமும் இரண்டரை கிலோ அரிசி வீண். கிலோ 60 ரூபாய் என்றால் நாளுக்கு 150, மாதம் 26 நாளுக்கு 3,900 ரூபாய். கேஸ் செலவு அதில் சேரவில்லை.

நோட்டைப் புரட்டினால் காரணமும் தெரிந்தது. பதினோரரை மணிக்கே மொத்த அரிசியையும் வடித்துவிடுகிறார்கள். இரண்டு மணிக்கு மேல் வருகிற கூட்டமோ ஒருநாள் போல ஒருநாள் இல்லை. ஆகவே 14 கிலோ மட்டும் முதலில், மிச்சத்தை ஒன்றேகால் மணிக்குக் கூட்டத்தைப் பார்த்து வடிப்பது என்று மாற்றினோம். மிஞ்சுவது 7 கிலோவிலிருந்து இரண்டு, மூன்று கிலோவுக்கு இறங்கியது. மிச்சத்தைப் பயன்படுத்துவதைவிட மிச்சம் விழாமல் பார்ப்பதில்தான் பணம் இருக்கிறது.

ஆனாலும் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அக்கா அதுவரை செய்துவந்தது என்னைப் பயமுறுத்தியது. மூன்று மணிக்கு அண்டாவை மூடி வைப்பார், இரவு எட்டு மணிக்கு ஃபிரிட்ஜில் ஏற்றுவார், மறுநாள் காலை அதுவே புளிசாதம். அன்று ஏழு மணிக்கு மூடியைத் திறந்து சாதத்தின் நடுவில் தெர்மாமீட்டர் கம்பியைக் குத்தினேன். 43 டிகிரி காட்டியது. நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் வெதுவெதுப்பு!

அரிசியிலேயே பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். கொதித்தாலும் அவை சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு சூட்டுக்கு மசியாது. எத்தனை முறை தாளித்தாலும், ஆவி பறக்கச் சூடாக்கினாலும் அப்படியே நிற்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சாதம் மணத்தில், நிறத்தில் மாறாமலே இருக்கலாம், அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்ய வழியில்லை.

"புளி போட்டா கெடாதே சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். புளிப்பு, கிருமி மேற்கொண்டு வளர்வதைத் தடுக்கும். ஏற்கெனவே ஊறிவிட்ட நச்சை அது ஒன்றும் செய்யாது. புளிக்காய்ச்சலைக் கலப்பதற்கு முன் சாதம் எப்படிக் கிடந்தது என்பதே கேள்வி.

ஆகவே முறையை மாற்றினோம். பரிமாறும்வரை சாதம் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மூன்று மணிக்குக் கடைசிப் பந்தி முடிந்ததும் மிச்சத்தை அகலமான எவர்சில்வர் தாம்பாளங்களில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்புவது. மேலே ஃபேன், அடியில் ஐஸ் தண்ணீர் ஊற்றிய இன்னொரு தட்டு. அரை மணியில் கை பொறுக்கிற சூடுகூட இருக்காது. சுத்தமான கரண்டியால் மூடிபோட்ட சின்ன டப்பாக்களில் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஃபிரிட்ஜில் வைப்பது. பெரிய டப்பாவில் அமுக்கி வைத்தால் நடுப்பகுதி ராத்திரி முழுக்க ஆறாது. ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு சின்ன தெர்மாமீட்டரை உள்ளேயே தொங்கவிட்டோம்.

மறுநாள் காலைக்குள் அதைத் தீர்த்துவிட வேண்டும். தக்காளி சாதமோ எலுமிச்சை சாதமோ, எதுவானாலும் சாதம் முழுக்க 75 டிகிரி தொட வேண்டும், ஒரே ஒருமுறைதான் சூடாக்கலாம். அதில் மிஞ்சினால் கொட்டுவதுதான். அவியல், தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு ஆகியவற்றை நான் அடுத்த நாளுக்கு அனுமதிப்பதே இல்லை.

ஒருநாள் மாலை மின்வெட்டு. ஃபேனும் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. ஆறு மணிக்கு அக்கா போன் பண்ணினார்: "மூணு கிலோ சாதம் இருக்கு சார், என்ன பண்ண?" கொட்டச் சொன்னேன். ஏறக்குறைய அறுபத்தைந்து ரூபாய் அரிசிதான் அது. நோட்டில் அன்றைய தேதிக்கு எதிரே "கரண்ட் இல்லை, கொட்டியாச்சு" என்று எழுதியிருந்தார்.