அழித்த பக்கத்துக்கு 404-ஆ, 410-ஆ?

வேலைவாய்ப்பு அறிவிப்புகளை வெளியிடும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி முடிந்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுகிறார்கள். ஆனால் அதன் லிங்க் வாட்ஸப் குழுக்களில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். கூகுளும் அதே முகவரியைத் தேடி வரும். அப்போது சர்வர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி.

404 என்றால் 'இந்த முகவரியில் எதுவும் இல்லை', அவ்வளவுதான். ஏன் இல்லை, இனி வருமா என்பதைப் பற்றி அது வாயே திறக்காது. எழுத்துப்பிழையோடு தட்டிய முகவரிக்கும் இதே பதில்தான். 410 ஒரு படி மேலே போகிறது: 'இருந்தது, எடுத்துவிட்டோம், அநேகமாக இனி வராது.' இந்தக் குறியீடுகளை வரையறுக்கும், 2022-இல் வந்த RFC 9110 தரநிலையும் இதையே சொல்கிறது. நிரந்தரமாக நீக்கியதா என்பது சர்வருக்குத் தெரியாவிட்டால் 404-தான் தர வேண்டும்.

அப்படியானால் தேதி முடிந்த அறிவிப்புக்கு 410 பொருந்தும். அந்த வேலை முடிந்த கதை. அதே நிறுவனம் அதே பணிக்கு மறுபடி ஆள் எடுத்து, புது அறிவிப்புக்குப் புது முகவரி இருந்தால், பழையதை அங்கே 301 என்ற நிரந்தரத் திருப்பல் மூலம் அனுப்பிவிடலாம். ஆண்டுதோறும் வரும் அறிவிப்பு என்றால் அழிக்கவே வேண்டாம். ஒரே முகவரியில் விவரத்தை மட்டும் மாற்றுங்கள். தவறுதலாக அழிந்ததா, வேண்டுமென்றே எடுத்ததா என்று யாருக்கும் நினைவில்லாத பழைய பக்கமா? 404-ஐ அப்படியே விடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கூகுள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. 410 கொடுத்தால் பக்கம் தேடல் பட்டியலிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் போகும், அவ்வளவே. ஏற்கெனவே 404 தரும் ஆயிரம் பக்கங்களை 410 ஆக்க ஒரு வாரம் செலவழிப்பது வீண்வேலை.

என்ஜின்எக்ஸ் சர்வரில் ஒரு பக்கத்துக்கு 410 தருவது இப்படி:

```
location = /jobs/clerk-2024/ {
    return 410;
}
```

இதில் `=` இருப்பதால் முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசிச் சாய்கோடு இல்லாமல் வருபவருக்கு இந்த விதி வேலை செய்யாது. அதற்கும் தனியாக எழுத வேண்டும். அப்பாச்சியில் `Redirect gone /jobs/clerk-2024` போதும். ஆனால் அது அந்தப் பாதைக்குக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து 410 தந்துவிடும். `/jobs` என்று மட்டும் எழுதிவிட்டால் மொத்த வேலைப் பகுதியும் காலி! முகவரியில் தமிழ் எழுத்துகள் இருந்தால், இரண்டு சர்வரிலும் `%E0%AE` என்று நீளும் வடிவத்தை விதியில் ஒட்டக் கூடாது. ஒப்பிடுவதற்கு முன்பே சர்வர் அதைத் தமிழ் எழுத்தாக மாற்றிவிடும் என்பதால் தமிழிலேயே எழுத வேண்டும்.

வருபவருக்கு வெறும் '410 Gone' என்று காட்டினால் ஒன்றும் புரியாது. 'இந்தப் பணிக்கான விண்ணப்பம் முடிந்தது, இப்போது உள்ள வேலைகள் இங்கே' என்று ஒரு பக்கம் வைப்பார்கள். பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான். என்ஜின்எக்ஸில் `error_page 410 /gone.html;` என்பது சரி. நடுவில் ஒரு `=` சேர்த்து `error_page 410 = /gone.html;` என்று எழுதினால் அதே பக்கம் 'எல்லாம் சரி' என்னும் 200 குறியீட்டோடு போகும். அப்பாச்சியின் `ErrorDocument 410` வரியில் `https://` என்று தொடங்கும் முழு முகவரி கொடுத்தால் 302 என்ற தற்காலிகத் திருப்பல் ஆகிவிடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கூகுளுக்கோ 'பக்கம் இருக்கிறது' என்ற பதில் போகும். இல்லாத பக்கத்துக்கு இப்படி 'இருக்கிறது' என்று பதில் வருவதைக் கூகுள் 'Soft 404' என்கிறது. சர்ச் கன்சோலில் அப்படி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அழித்த எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவதும் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

எனவே பிரவுசரில் பார்த்து நம்பாமல் குறியீட்டையே பாருங்கள்:

```
curl -sI https://example.com/jobs/clerk-2024/ | head -n 1
```

`HTTP/2 410` போல 410 உள்ள வரி வர வேண்டும். வேர்ட்பிரஸ் தளத்தில் சில சமயம் 301 வரும். அழிந்த பக்கத்தின் பெயரில் தொடங்கும் வேறு பதிவு இருந்தால், வேர்ட்பிரஸ் தானாக ஊகித்து அங்கே அனுப்பிவிடுவதுதான் காரணம். சர்வர் விதியிலேயே 410 தந்துவிட்டால் கோரிக்கை வேர்ட்பிரஸ் வரை போகாது.

பக்கத்தைத் தேடலிலிருந்து எடுக்க robots.txt-இல் தடை போடுபவர்களும் உண்டு. தடை போட்டால் கூகுள் அந்த முகவரியைத் திறக்காது. திறக்காவிட்டால் 410-ஐப் பார்க்கவும் முடியாது, பழைய முகவரி பட்டியலிலேயே தங்கிவிடலாம். தடையை எடுத்துவிட்டு, சைட்மேப்பிலிருந்தும் உள் லிங்குகளிலிருந்தும் அந்த முகவரியை நீக்குங்கள்.

தவறான பக்கத்துக்கு 410 கொடுத்துவிட்டாலும் பதற வேண்டாம். விதியை எடுத்து 200 தந்தால், கூகுள் அடுத்த முறை வரும்போது பக்கத்தை மறுபடி சேர்த்துக்கொள்ள முடியும். இடையில் கேச் சர்வர் இருந்தால் அதை மட்டும் மறக்காமல் காலி செய்யுங்கள். 410 பதிலையும் அது சேமித்து வைத்திருக்கக்கூடும்.